நான்கு விடைகளில் இரண்டு சரிபோலத் தெரிவது ஏன்?

"ஐயா, நெட் தேர்வுக்கு மேலாண்மைப் பாடம் படிக்கிறேன். இளங்கலை வரை தமிழ் வழியில் படித்தவள். சிஎஸ்ஆர் என்கிற நிறுவனச் சமூகப் பொறுப்பு, வணிக நெறி பற்றிய கேள்விகளில் நான்கு விடைகளில் இரண்டு சரியாகவே தெரிகின்றன. நான் குறிப்பது பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. ஸ்டேக்ஹோல்டர் கேள்விகளில் இன்னும் மோசம். போன மாதிரித் தேர்வில் 'ஸ்டேக்ஹோல்டர்ஸ் ரிலேஷன்ஷிப் கமிட்டி யாருடைய குறைகளைத் தீர்க்கும்' என்ற கேள்விக்கு 'எல்லா ஸ்டேக்ஹோல்டர்களுடைய குறைகளையும்' என்று குறித்தேன். அதுவும் தவறாம். எங்கே தடுக்கி விழுகிறேன்?"

கேள்வி அமைப்பவர் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கல்லூரித் தேர்வுகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் பல ஆண்டுகள் வினாத்தாள் எழுதியிருக்கிறேன். சரியான விடையை எழுத இரண்டு நிமிடம் போதும். மற்ற மூன்றையும் எழுதத்தான் அரை மணி நேரம் பிடிக்கும். அப்பட்டமான பொய்யை வைத்தால் பாடத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர் தள்ளிவிடுவார். அதனால் பக்கத்து வீட்டு உண்மை ஒன்றை இரவல் வாங்கி வைப்போம். வேறொரு கேள்விக்குச் சரியான விடையாக இருக்கக்கூடிய வாக்கியம் அது. ஆங்கிலத்தில் அதை டிஸ்டிராக்டர் என்பார்கள்; நான் பொறி என்றுதான் சொல்வேன். நீங்கள் ஒவ்வொரு விடையாகப் படித்து 'இது உண்மையா' என்று பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் இரண்டு உண்மையாகத்தான் இருக்கும், சில நேரம் மூன்றுகூட. 'இது எந்தக் கேள்விக்கான உண்மை' என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தில் பொறி வைப்பது எங்களுக்கு மிகச் சுலபம். சிஎஸ்ஆர் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே பாடத்துக்குள் கிடக்கின்றன, பாடநூல்களோ அவற்றைப் பிரித்துச் சொல்வதில்லை.

ஒன்று, பொதுப் பொருள். வணிக நெறி என்பது முடிவெடுக்கும் மனிதர்களின் நடத்தை பற்றியது. கணக்கைத் திருத்தலாமா, டெண்டர் போட்டவரிடம் தீபாவளிப் பரிசு வாங்கலாமா, மருந்தின் பக்கவிளைவை விளம்பரத்தில் மறைக்கலாமா என்பவை நெறிக் கேள்விகள். சிஎஸ்ஆர் என்பது நிறுவனம் ஓர் அமைப்பாகத் தன்னைச் சுற்றியுள்ள சமூகத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியது. முதலாவதில் விரல் நீட்ட ஓர் ஆள் இருப்பார். இரண்டாவதில் ஒரு கொள்கை இருக்கும்.

இரண்டாவது, ஆர்ச்சி கரோலின் பொருள். அமெரிக்கப் பேராசிரியரான இவர் 1979இல் சிஎஸ்ஆரை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். 1991இல் அதையே பிரமிடாக வரைந்தார். அடியில் பொருளாதாரப் பொறுப்பு, அதற்கு மேல் சட்டப் பொறுப்பு, அதற்கு மேல் நெறிப் பொறுப்பு, உச்சியில் கொடைப் பொறுப்பு. இங்கே நெறி என்பது சிஎஸ்ஆருக்கு வெளியே நிற்கும் தனிப் பாடமாக இல்லாமல் அதன் மூன்றாவது படியாகிவிடுகிறது. இதில் வழக்கமான பொறி இரண்டு. அடித்தளம் சட்டம் என்று ஒரு விடை இருக்கும். லாபத்தை அடியில் வைக்க மனம் வராதவர்கள் அதில் விழுவார்கள். உச்சி நெறி என்று இன்னொரு விடை இருக்கும்; நெறிதான் உயர்ந்தது என்ற நல்ல எண்ணம் உடையவர்கள் அதில் விழுவார்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள். லாபத்தையும் சட்டத்தையும் சமூகம் கட்டாயமாகக் கேட்கிறது, நெறியை எதிர்பார்க்கிறது, கொடையை விரும்புகிறது. ஆலையை மூடும்போது சட்டம் சொன்னதற்கு மேல் தொழிலாளர்களுக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் தருவது நெறிப் படி. அந்த ஊரில் நூலகம் கட்டுவது கொடைப் படி. நூலகம் கட்டாவிட்டால் அந்த நிறுவனத்தை யாரும் அறமற்றது என்று சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, இந்தியச் சட்டத்தின் பொருள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கே சிஎஸ்ஆர் என்றால் ஏழாம் அட்டவணையில் பட்டியலிட்ட பணிகளுக்குக் குறிப்பிட்ட தொகையைச் செலவிடுவது, அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேறொரு சட்டம் சுமத்திய கடமையை நிறைவேற்ற ஆகும் செலவு சிஎஸ்ஆர் ஆகாது என்று விதிகளே சொல்கின்றன. இப்போது 'சட்டத்துக்குக் கட்டுப்படுவது சிஎஸ்ஆரின் ஒரு பகுதி' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரோலிடம் கேட்டால் சரி. 135ஆம் பிரிவிடம் கேட்டால் தவறு. வாக்கியத்தை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருநாளும் புரியாது. கேள்வித் தலைப்பில் 'பிரமிடு' இருக்கிறதா, 'நிறுவனங்கள் சட்டம்' இருக்கிறதா, இரண்டும் இல்லாமல் பொதுவாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் விடைகளுக்கு வர வேண்டும்.

பயிற்சி மையங்களில் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். பணம் வந்த வழி நெறி, பணம் போகும் வழி சிஎஸ்ஆர். பொதுப் பொருளுக்கு இது ஓரளவு உதவும். கரோலிடம் கொண்டுபோனால் உடைந்துவிடும், ஏனென்றால் அவர் கணக்கில் பணம் வந்த வழியும் சிஎஸ்ஆருக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சூத்திரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சத்யம் கதையைவிடப் பொருத்தமான கதை இல்லை.

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் முடிவில் புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியிருந்தது 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். புலி மேல் சவாரி போவது போல, அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், சிறந்த நிறுவன ஆளுகைக்காக அந்த நிறுவனத்துக்குத் தங்க மயில் விருது கிடைத்திருந்தது.

அதே ராஜுதான் 2005இல் இஎம்ஆர்ஐ என்ற அமைப்பைத் தொடங்கியவர். நாம் இன்று அவசரத்துக்கு அழைக்கும் 108 ஆம்புலன்ஸ் அங்கிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுக்கு அது 2008இல் வந்தது. கணக்கு மோசடி வெளியானபின் அமைப்பு வேறு கைக்கு மாறியது, ஆம்புலன்ஸ் நிற்கவில்லை. சாலையில் அடிபட்டுக் கிடந்தவர்களை அந்த வண்டி நிஜமாகவே தூக்கிக்கொண்டு போனது. கணக்குப் புத்தகமும் நிஜமாகவே பொய்யாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

இதை வைத்து நான் ஒரு கூற்று–காரணக் கேள்வி அமைத்தேன். கூற்று: சமூகப் பணிகளில் முன்னிற்கும் நிறுவனம் வணிக நெறியிலும் முன்னிற்கும். காரணம்: சமூகப் பொறுப்புக்கும் வணிக நெறிக்கும் தொடர்பு உண்டு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது' என்று குறித்தார்கள். காரணம் சரிதான். கூற்று தவறு. தொடர்பு உண்டு என்பதிலிருந்து ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று வந்துவிடாது. இந்த வகைக் கேள்வியில் கூற்றைத் தனியாக, காரணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். காரணத்தின் உண்மை கூற்றின் மேல் ஒட்டிக்கொள்வதுதான் பொறி.

இன்னொரு நுணுக்கம். 'சத்யம் தன் கட்டாய சிஎஸ்ஆர் நிதியில் 108 சேவையை நடத்தியது' என்ற விடை வந்தால் அடித்துவிடுங்கள். 2005இல் 135ஆம் பிரிவே கிடையாது. நிறுவனர் ஒருவர் தொடங்கும் அறப்பணி வேறு, நிறுவனம் சட்டப்படி செய்யும் செலவு வேறு. பெயர் ஒன்றாகத் தெரிவதால் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

சட்டக் கேள்விக்கு வருவோம். இங்கே எண்கள்தான் பொறி என்று நினைத்து எல்லாரும் எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். எண்கள் முக்கியம்தான். ஆனால் நான் பார்த்தவரை, எண் தெரிந்தவர்களும் எண்ணைச் சுற்றியுள்ள சொல்லில் விழுகிறார்கள். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயத் தொழில் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகர மதிப்பு 60 கோடி, விற்றுமுதல் 300 கோடி. கடந்த மூன்று நிதியாண்டுகளின் நிகர லாபம் முறையே 6, 9, 12 கோடி. இதற்கு 135ஆம் பிரிவு பொருந்துமா? சட்டம் மூன்று அளவுகோல் வைக்கிறது: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. முந்தைய நிதியாண்டில் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும். நம் நிறுவனம் முதல் இரண்டையும் தொடவில்லை, லாபத்தில் தாண்டிவிட்டது. ஆகவே பொருந்தும். இங்கே பொறி 'மூன்றும் சேர்ந்து நிறைவேற வேண்டும்' என்ற விடை. எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், 'அல்லது' இருக்க வேண்டிய இடத்தில் 'மற்றும்' இருக்கும்.

எவ்வளவு செலவிட வேண்டும்? மூன்று ஆண்டுச் சராசரி லாபம் 9 கோடி. அதில் 2 சதவீதம் 18 லட்சம். விற்றுமுதலில் 2 சதவீதம் என்று ஒரு விடை இருக்கும், அது 6 கோடியாகும். கடைசி ஆண்டு லாபத்தில் 2 சதவீதம் என்று இன்னொன்று இருக்கும், அது 24 லட்சம். பொருந்துமா என்று பார்க்க ஓராண்டு லாபம், எவ்வளவு என்று பார்க்க மூன்றாண்டுச் சராசரி. இந்த இரண்டு ஆண்டுக் கணக்கையும் மாற்றிப் போடுவது வினாத்தாள் எழுதுபவர்களின் பழைய வித்தை.

இப்போது நிறுவனம் நான்கு செலவுகளைக் காட்டுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்த 15 லட்சம். தன் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு மட்டும் கல்வி உதவி 5 லட்சம். நிறுவனத்தின் சின்னம் பொறித்த பனியன் கொடுத்து நடத்திய மாரத்தான் ஓட்டத்துக்கு விளம்பர ஆதரவு 3 லட்சம். பக்கத்துக் கிராமங்களில் பொது மருத்துவ முகாம் 4 லட்சம். மொத்தம் 27 லட்சம். 18 லட்சத்துக்கும் மேலேயே செலவிட்டுவிட்டோம் என்று மேலாளர் நிம்மதியாக இருக்கிறார்.

சுத்திகரிப்பு நிலையம் சட்டக் கடமை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி அது இல்லாமல் ஆலை ஓடவே கூடாது. ஆகவே சிஎஸ்ஆர் இல்லை. சொந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டும் போகும் உதவி ஊழியர் நலன், அதுவும் இல்லை. சந்தைப்படுத்தல் பயனுக்காகத் தரும் விளம்பர ஆதரவை விதிகள் நேரடியாக விலக்குகின்றன. மிஞ்சுவது மருத்துவ முகாமின் 4 லட்சம் மட்டும். 14 லட்சம் செலவிடப்படாத தொகை.

அந்த 14 லட்சத்துக்கு என்ன ஆகும்? 2021 ஜனவரிக்கு முன்பு, ஏன் செலவிடவில்லை என்று இயக்குநர் அறிக்கையில் காரணம் எழுதினால் போதும் என்ற நிலை இருந்தது. பழைய வழிகாட்டி நூல்களில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது, பழைய வினாத்தாள்களைப் பார்த்துப் படிப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். இப்போது தொகையை நகர்த்தியாக வேண்டும். தொடர் திட்டம் ஒன்றுக்காக மீந்த பணம் என்றால், நிதியாண்டு முடிந்து 30 நாட்களுக்குள் செலவிடாத சிஎஸ்ஆர் தொகைக்கான தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். தொடர் திட்டம் எதுவும் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், ஏழாம் அட்டவணையில் சொன்ன நிதி ஒன்றுக்கு மாற்ற வேண்டும். 30 நாள், ஆறு மாதம் இரண்டும் உண்மை. எதற்கு எது என்பதுதான் கேள்வி. மாற்றவில்லையென்றால் நிறுவனத்துக்கு அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது அபராதம். நம் கணக்கில் 28 லட்சம். 'எது அதிகமோ அது' என்று ஒரு விடை உட்கார்ந்திருக்கும்.

இந்த நிறுவனம் சிஎஸ்ஆர் குழு அமைக்க வேண்டுமா என்றும் கேட்கலாம். வேண்டாம். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இயக்குநர் குழுவே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் வணிக நெறி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலர் மருத்துவ முகாமைக் காட்டுவார்கள். நான் மாரத்தானைக் காட்டுவேன். விளம்பரச் செலவு என்று தெரிந்தே அதைச் சமூகப் பணி என்று அறிக்கையில் எழுதுவது நெறிச் சிக்கல். சுத்திகரிப்பு நிலையத்தை இரவில் நிறுத்திவைத்து மின்கட்டணம் மிச்சம் பிடிக்கிறார்களா என்பது முதலில் சட்டச் சிக்கல், பிறகுதான் நெறி. கேள்வியில் ஒரு நடத்தையைச் சொல்லி 'இது எந்த வகை' என்று கேட்டால் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறதா என்று முதலில் பாருங்கள். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் தேர்வுக் கேள்விகள் நெறி என்ற சொல்லை வைக்கும்.

இனி ஸ்டேக்ஹோல்டர். உங்கள் தடுமாற்றத்தில் பாதி தமிழால் வந்தது என்று சந்தேகப்படுகிறேன். நம் செய்தித்தாள்களில் ஷேர்ஹோல்டரும் பங்குதாரர். கூட்டு வணிகத்தின் பார்ட்னரும் பங்குதாரர். 'இத்திட்டத்தின் அனைத்துப் பங்குதாரர்களுடனும் ஆலோசனை' என்று எழுதும்போது ஸ்டேக்ஹோல்டரும் பங்குதாரர். மூன்று ஆட்களுக்கு ஒரே சட்டை. நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது, உங்கள் மனம் அதைத் தமிழில் பெயர்த்துப் படிக்கிறது, வழியில் இந்தச் சட்டை மாட்டிக்கொள்கிறது. உங்கள் குறிப்பேட்டில் ஸ்டேக்ஹோல்டருக்குப் 'பாதிப்புத் தொடர்புடையோர்' என்று எழுதிவையுங்கள். அழகான சொல் இல்லை. ஆனால் எட்வர்ட் ஃப்ரீமன் 1984இல் தந்த வரையறை அதற்குள் இருக்கிறது: நிறுவனம் தன் நோக்கத்தை அடைவதைப் பாதிக்கக்கூடியவரோ அதனால் பாதிக்கப்படுபவரோ, தனியாளோ குழுவோ, அவர் ஸ்டேக்ஹோல்டர்.

இந்த வரையறையை அரைகுறையாக வெட்டித்தான் பொறி செய்வோம். 'நிறுவனத்தால் பாதிக்கப்படுபவர்' என்று பாதியை மட்டும் தந்து ஒரு விடை. 'நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ளவர்' என்று சுருக்கி ஒரு விடை. 'ஷேர்ஹோல்டர் தவிர மற்றவர்கள்' என்று ஒரு விடை. கடைசியில் சொன்னதில் கெட்டிக்காரர்களே விழுகிறார்கள். ஷேர்ஹோல்டர் வேறு, ஸ்டேக்ஹோல்டர் வேறு என்று ஆசிரியர் அழுத்திச் சொன்னது மனத்தில் பதிந்து, ஷேர்ஹோல்டர் ஸ்டேக்ஹோல்டரே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஷேர்ஹோல்டரும் ஸ்டேக்ஹோல்டர்களில் ஒருவர்தான். சத்யத்துக்கே திரும்பிப் போனால், கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டைச் சத்யத்தின் பணத்தில் வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்திலேயே அது கைவிடப்பட்டது. இந்த முடிவால் நேரடியாக அநீதிக்கு உள்ளானது எந்த ஸ்டேக்ஹோல்டர் என்று கேட்டால் விடை சிறு பங்கு முதலீட்டாளர்கள். ஊழியர், சமூகம் என்ற விடைகள் நல்ல மனத்துக்கு இதமாக இருக்கும், இந்தக் கேள்விக்குப் பொருந்தாது.

அடுத்த வகைக் கேள்வி, ஸ்டேக்ஹோல்டர்களை வகைப்படுத்துவது. இதற்கு நொய்யலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. திருப்பூர்ச் சாய ஆலைகளின் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் வந்து தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் உப்பேறின. அணையில் தண்ணீர் இருந்தது, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த விவசாயிகள் எந்த ஆலையின் ஊழியரும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை, சரக்குத் தருபவரும் இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் பெயர் இல்லை. ஃப்ரீமன் வரையறைப்படி சந்தேகமில்லாமல் ஸ்டேக்ஹோல்டர்கள்.

மிட்செல், ஏகிள், வுட் மூவரும் 1997இல் மூன்று பண்புகளை வைத்து ஸ்டேக்ஹோல்டர்களை வகைப்படுத்தினார்கள்: அதிகாரம், நியாயத்தன்மை, அவசரம். நொய்யல் விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. பயிர் கண்ணெதிரே கருகுவதால் அவசரமானது. ஆலைகளை அசைக்கும் அதிகாரம் மட்டும் அவர்கள் கையில் இல்லை. இந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் டிபெண்டன்ட், சார்ந்து நிற்பவர். விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது, எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. நீதிமன்றத்தின் வழியாக அதிகாரம் வந்து சேர்ந்த அன்று அதே விவசாயிகள் மூன்று பண்பும் உள்ள டெஃபினிடிவ் வகைக்கு மாறிவிட்டார்கள். ஆள் மாறவில்லை, நிலை மாறியது. 'ஒரு ஸ்டேக்ஹோல்டரின் வகை நிலையானது' என்ற வாக்கியம் ஏன் தவறு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. இங்கே பொறியாக வருவது டேஞ்சரஸ் என்ற வகை. விவசாயிகள் ஆலைகளுக்கு ஆபத்தாக இருந்தார்களே என்று நம் அன்றாடச் சொல்லை வைத்து யோசித்தால் அதைக் குறிப்போம். அந்த வகைக்கு அதிகாரமும் அவசரமும் இருக்கும், நியாயத்தன்மை இருக்காது. இவர்களிடம் இருந்ததும் இல்லாததும் வேறு.

ஸ்டேக்ஹோல்டர்களை நான்கு கட்டங்களில் வைத்துப் பார்க்கும் இன்னொரு முறை மென்டெலோவின் கட்டம். அதில் இருப்பது வேறு இரண்டு அளவுகள்: அதிகாரம், ஈடுபாடு. அங்கே அதே விவசாயிகள், வழக்குக்கு முன்பு, அதிகாரம் குறைவு, ஈடுபாடு அதிகம். அந்தக் கட்டத்துக்கு உரிய அறிவுரை 'தகவல் தந்துகொண்டிருங்கள்' என்பது. 'திருப்தியாக வைத்திருங்கள்' என்பது அதிகாரம் மிகுந்தும் ஈடுபாடு குறைந்தும் இருப்பவர்களுக்கானது. இரண்டையும் மாற்றி வைப்பதும், மென்டெலோ கேள்வியில் மிட்செல் வகையின் பெயரைச் செருகுவதும் வழக்கம். என் சொந்தக் கருத்து, அந்தக் கட்டம் நிறுவனத்தின் வசதிக்கான கருவி. யாருக்கு நியாயம் என்று அது சொல்லாது. தகவல் மட்டும் தந்துகொண்டிருந்தால் நொய்யலில் என்ன ஆனது என்று பார்த்தோமே. ஆகவே 'மென்டெலோ கட்டம் ஸ்டேக்ஹோல்டர்களின் அறவுரிமையைத் தீர்மானிக்கிறது' என்ற விடையும் பொறிதான்.

போகிற போக்கில் ஃப்ரீட்மன். பெயர் ஃப்ரீமனைப் போல இருப்பதே முதல் பொறி. மில்டன் ஃப்ரீட்மன் 1970இல், வணிகத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது என்றார். அதனால் அவருக்கு நெறி வேண்டாம் என்று பொருளில்லை. சட்டத்திலும் நெறி வழக்கத்திலும் உள்ள அடிப்படை விதிகளுக்கு உட்பட்டு என்று அதே கட்டுரையில் சேர்த்தே எழுதினார். 'ஃப்ரீட்மன் நெறியை நிராகரித்தார்' தவறு. 'ஷேர்ஹோல்டர்களின் பணத்தை மேலாளர் சமூகப் பணிக்குச் செலவிடுவதை எதிர்த்தார்' சரி.

கடைசியாக உங்களை விழவைத்த அந்தக் கமிட்டி. நிறுவனங்கள் சட்டத்தின் 178ஆம் பிரிவில் வருகிறது. பங்கு, கடன்பத்திரம், வைப்பு, பிற பத்திரங்கள் வைத்திருப்பவர்கள் ஒரு நிதியாண்டில் 1,000 பேரைத் தாண்டினால் நிறுவனம் இந்தக் குழுவை அமைக்க வேண்டும். அது தீர்க்க வேண்டியது பத்திரம் வைத்திருப்பவர்களின் குறைகளை: பங்கு மாற்றம் நடக்கவில்லை, டிவிடெண்ட் வரவில்லை, ஆண்டறிக்கை கிடைக்கவில்லை என்பது போன்றவை. பெயர்ப் பலகையில் ஸ்டேக்ஹோல்டர் என்று இருக்கிறது, உள்ளே போனால் பணம் போட்டவர்களுக்கான குறைதீர்ப்பு மேசை. நொய்யல் விவசாயி அந்தக் கதவைத் தட்டினால் திறக்காது. நீங்கள் ஃப்ரீமன் வரையறையைச் சரியாகத்தான் பயன்படுத்தினீர்கள், கேட்டது சட்டம். ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் என்று பெயர் சொல்லி இயக்குநர்களுக்குக் கடமை வைக்கும் இடமும் அதே சட்டத்தில் உண்டு, 166ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஸ்டேக்ஹோல்டர் அணுகுமுறை நிறுவனங்கள் சட்டத்தில் எங்கே தெரிகிறது என்று கேட்டு, விடைகளில் 178ஐயும் 166ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், 166ஐக் குறியுங்கள்.